மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீரும் கிரைப் வாட்டரும்

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. குழந்தைக்கு மூன்று மாதம், எடை 5 கிலோ. தாய்ப்பால்தான். வெயில் தாங்காது என்று மாமியார் காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் 60 மி.லி. வீதம் நாளைக்கு நாலு தடவை கொடுக்கிறார். அழுதால் கிரைப் வாட்டர். கடையில் கொடுத்த மூலிகைச் சொட்டு மருந்தையும் ஒரு பாலாடை வெந்நீரில் கலந்து இரண்டு வேளை ஊட்டுகிறோம். பக்கத்து வீட்டு நர்ஸ், "உப்பு குறைஞ்சு ஃபிட்ஸ் வரும்" என்று பயமுறுத்துகிறார். கிரைப் வாட்டர் லேபிளில்தான் சோடியம் போட்டிருக்கிறதே? பிரிக்காத பாட்டில்கள் இருக்கின்றன, திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: பாட்டில் தண்ணீரை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை. தண்ணீர் கொடுக்கும் அந்த நாலு வேளையும் பால் கொடுங்கள், போதும்.

நர்ஸ் சொன்னது வீண் பயம் இல்லை. ஆனால் எதனால் வருகிறது, எவ்வளவு கொடுத்தால் வருகிறது என்று தெரிந்துகொண்டால், மாமியாரிடம் சண்டை போடாமலே பேசிவிடலாம்.

5 கிலோ குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மி.லி. பால் குடிக்கும். நீங்கள் கொடுக்கும் தண்ணீர் 240 மி.லி. அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிறைந்தால் அந்த அளவுக்குப் பால் குறையும். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பால் போய், அந்த இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. உடம்புக்குள் போகிற நீர் முன்பு போலவேதான். அதோடு வர வேண்டிய உப்பும் சத்தும்தான் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. தாய்ப்பாலில் சோடியம் கொஞ்சமாகத்தான் இருக்கும், குழந்தைக்கு அது சரியான அளவு. அதிலும் குறைந்தால் எங்கிருந்து ஈடு கட்டுவது?

பெரியவர்களுக்குக் கூடுதல் தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடும். பச்சைக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்த வேகம் இன்னும் வரவில்லை. தண்ணீர் உடம்பிலேயே தங்கி, ரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்க்க வைக்கிறது. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு இறங்க இறங்க, மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீங்கும். 120-ஐ ஒட்டி இறங்கினால் வலிப்பு வரலாம். குழந்தைக்குத் தாகமா, பசியா என்று சொல்லத் தெரியாது. பசித்த குழந்தை தண்ணீர்ப் பாட்டிலையும் ஆர்வமாகத்தான் சப்பும். "பாரு, எவ்வளவு தாகம்" என்று வீட்டில் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

நீங்கள் சொல்லும் அளவில் எல்லாக் குழந்தைக்கும் வலிப்பு வந்துவிடாது. எங்கே எல்லை மீறும் என்றால், வயிற்றுப்போக்கு வந்தபோது "வறண்டுவிடும்" என்று வெறும் தண்ணீராகவே கொடுக்கிற வீட்டில். பால் சரியாகக் குடிக்காத குழந்தைக்குப் பாட்டிலை நிறைத்துக் கொடுக்கிற வீட்டில். புட்டிப்பால் போடுகிறவர்கள் மாவு மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கூட ஊற்றுகிற வீட்டில். பேதியாகும்போது மலத்தோடு உப்பும் வெளியேறுகிறது, உள்ளே போவது உப்பில்லாத தண்ணீர். அப்போது தாய்ப்பாலை நிறுத்தாமல், டாக்டர் சொன்ன அளவில் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வெயில் பற்றிய கவலை நியாயம்தான். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்து மார்ச், ஏப்ரல் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி கேட்கும், அடிக்கடி கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். குழந்தைக்குப் போதுகிறதா என்று பார்க்க, ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் வெளிறிய நிறத்தில் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று கவனியுங்கள். இன்னும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிற வீட்டில் "நிறைய ஒண்ணுக்குப் போகிறான்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது தண்ணீராலும் வரும்.

இப்போது கிரைப் வாட்டர். லேபிளில் நீங்கள் பார்த்தது சோடியம் பைகார்பனேட்டாக இருக்கும். ஒரு ஸ்பூனில் உள்ளது 240 மி.லி. தண்ணீருக்கு ஈடு கட்டும் என்று நம்ப வேண்டாம். அதேபோல, ஒரு ஸ்பூன் கிரைப் வாட்டரால் மட்டும் சோடியம் இறங்கிவிடும் என்பதும் சரியில்லை. அதன் பிரச்சினை வேறு. பல பாட்டில்களில் சர்க்கரை இருக்கும். ஸ்பூனோடு கிருமியும் போகலாம். பசியில் அழுத குழந்தை இனிப்பை நக்கிவிட்டுப் பாலைக் குறைக்கும். வயிற்று வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. காரணமில்லாத அந்த மாலை நேர அழுகை ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாக அடங்கும். இடையில் எந்த பாட்டிலைத் திறந்தோமோ அதற்கே பெயர் போகிறது.

சொட்டு மருந்தில் நான் முதலில் பார்ப்பது அதைக் கலக்கும் தண்ணீரை. உங்கள் பாலாடையில் எவ்வளவு பிடிக்கிறது என்று 10 மி.லி. சிரிஞ்சால் அளந்து பாருங்கள். இரண்டு வேளைக்குக் கூட்டினால் எவ்வளவு என்று தெரியும். அப்புறம் சீட்டைப் பாருங்கள்: என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி, எந்த வயதுக்கு எத்தனை சொட்டு. இதில் ஒன்று இல்லையென்றாலும் குழந்தை வாயில் வைக்க வேண்டாம். எல்லாம் இருந்தாலும், டாக்டர் எழுதித் தராமல் ஆறு மாதத்துக்குள் வேண்டாம் என்பதே என் கருத்து. உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து ஊட்டுவதற்கும் இதுதான் பதில். டாக்டர் எழுதிய வைட்டமின் டி போன்ற சொட்டுகள் வேறு விஷயம். அவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே வாயில் விடலாம்.

எப்போது ஓட வேண்டும்? எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம், பால் குடிக்க மறுப்பது, முகமும் இமையும் உப்பியிருப்பது, உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்திருப்பது, கை கால் துடிப்பது. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வலிப்பு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். பாலக்காடு போனாலும் பொள்ளாச்சி போனாலும், எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளாகக் கொடுத்தோம் என்று மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். அது தெரிந்தால் சோடியத்தையும் சர்க்கரையையும் உடனே பரிசோதிப்பார்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், அது நேரெதிர் ஆபத்து.

பாட்டில் விஷயம். வேண்டாம் என்று மனம் மாறியதற்காகக் கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பில்லோடு பிரிக்காத பாட்டிலைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். காலாவதியானது, குறையுள்ளது என்றால் கதை வேறு. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், எடுத்துக்கொள்ள மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மறுத்தால் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். அதற்குப் பில்லும், லேபிள் தெளிவாகத் தெரியும் படமும் கையில் இருக்கட்டும்.