பல்பின் தலையில் இருக்கும் இரண்டு எண்கள்

அன்புள்ள சார்,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 40 வாட், 100 வாட் பல்புகளைத் தொடரில் இணைத்தால் 40 பிரகாசமாக எரியும், பக்க இணைப்பில் 100 பிரகாசமாக எரியும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சந்தேகம் தீர வீட்டிலேயே 9 வாட், 15 வாட் எல்இடி பல்பு இரண்டைத் தொடராக ஒயரில் முறுக்கி, டேப் சுற்றி ப்ளக்கில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் விட்டு விட்டு மின்னின, எது பிரகாசம் என்றே தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பது தப்பா? தொடரில் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் திட்டிவிடுகிறேன். 230 வோல்ட்டில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிப் பார்க்கிற வேலையை இனி செய்யாதே. கடையில் ஹோல்டர் கிடைக்கிறது, ஸ்க்ரூ போட்டு முடுக்கலாம். டேப் சூட்டில் இளகிக் கழன்றால் உன் தேர்வை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும்.

எல்இடி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன். எல்இடி பல்புக்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது, டிரைவர் என்பார்கள். பெரும்பாலான டிரைவர்கள் வோல்ட் குறைந்தால் கூடுதல் கரண்ட் இழுத்து, வெளிச்சத்தைக் குறையவிடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அப்படி இரண்டு டிரைவரைத் தொடரில் போட்டால் ஒன்று எழுந்திருக்கும்போது மற்றதன் வோல்ட் சரியும், அது அணையும், மறுபடி எழும். நீ பார்த்த மின்னல் அதுதான். புத்தகம் பேசுவது உள்ளே டங்ஸ்டன் இழை இருக்கிற குண்டு பல்பைப் பற்றி. இன்றைக்கும் ஹார்ட்வேர் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த 40, 100 என்கிற ஜோடிதான். அந்த ஜோடிக்காக நான் ஒரு பீரியட் முழுக்க பெஞ்ச் மேல் நின்றவன்.

என் மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை மேஜையில் ஒரு பலகை இருக்கும், அதில் ஒரு ஹோல்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு டூ பின் சாக்கெட். ஹோல்டரில் எப்போதும் ஒரு 100 வாட் பல்பு. சந்தேகமான ரேடியோவை அந்தச் சாக்கெட்டில் செருகினால் அது அந்தப் பல்போடு தொடரில் சேர்ந்துவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோ புகையாது. ரேடியோ நல்லபடியாக இருந்தால் பல்பு லேசாகத் தலைகாட்டிவிட்டு அடங்கிப்போகும், ரேடியோ பாடும். அதற்குப் பெயர் சீரிஸ் போர்டு. பழைய மெக்கானிக் யாரிடமும் அது இல்லாமல் இருக்காது.

ஒருநாள் மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், அந்தச் சாக்கெட்டில் ஒரு 40 வாட் பல்பைச் செருகினேன். 40 எரிந்தது, கொஞ்சம் மஞ்சளாக, ஆனால் நன்றாகவே எரிந்தது. 100 வாட் பல்பு செத்துக் கிடந்தது. ஃபியூஸ் போய்விட்டது, மாமா தோலை உரிப்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கடை லைட்டை அணைத்தார், 40 வாட் பல்பை ஒரு தகர டப்பாவால் மூடினார், "இப்பப் பாருடா" என்றார். 100 வாட் பல்புக்குள் சாம்பல் பூத்த கங்கு மாதிரி ஒரு சிவப்பு நூல். பல்பு சாகவில்லை. அதன் வழியாகத்தான் 40க்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பிளஸ் டூ வகுப்பு. பௌதிக ஆசிரியர் பலகையில் கணக்குப் போட்டார். 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும். 40 வாட் பல்புக்கு 1322 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரில் இரண்டுக்கும் ஒரே கரண்ட், ஆகவே தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் அதிகச் சக்தியை எடுக்கும். அதற்கு 20.4 வாட், மற்றதற்கு 8.2 வாட் என்று எழுதிக் கோடு போட்டார். நான் எழுந்து, "சார், 8 வாட்டென்றால் ஜீரோ வாட் பல்பில் பாதியாவது எரியணுமே, அது எரியவே இல்லையே" என்றேன். (ஜீரோ வாட் என்று அந்தக் காலத்தில் விற்றார்களே படுக்கையறைப் பல்பு, அது சுமார் 15 வாட் தின்னும். பெயர்தான் ஜீரோ.) கணக்கு வந்துவிட்டதே, அதற்கு மேல் என்ன கேள்வி என்று என்னை பெஞ்ச் மேல் ஏற்றினார். அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அந்தக் கணக்கு மேல் போகவில்லை.

ஏனென்றால் 529 ஓம் என்பது அந்தப் பல்பு 230 வோல்ட்டில் வெள்ளையாகக் காய்ந்து எரியும்போது மட்டும் இருக்கிற தடை. அணைந்திருக்கும் 100 வாட் பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார், நாற்பது ஓம்கூடக் காட்டாது. டங்ஸ்டன் சூடேறச் சூடேறத் தடை ஏறும், பத்துப் பதினைந்து மடங்கு ஏறும். தொடரில் என்ன நடக்கிறது? 100 வாட் பல்பின் பங்கு குறைவு, அதனால் அது சூடாகவில்லை. சூடாகாததால் அதன் தடை இறங்குகிறது. தடை இறங்கியதால் அதன் பங்கு இன்னும் குறைகிறது. அது விட்டுக்கொடுத்த வோல்ட்டையெல்லாம் 40 வாட் பல்பு எடுத்துக்கொண்டு தன் சூட்டையும் தடையையும் காப்பாற்றிக்கொள்கிறது. வேலைக்குப் போன பிறகு ஒருநாள் மீட்டரை வைத்து அளந்தேன். 40 வாட் பல்பின் குறுக்கே 190 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 100 வாட் பல்பின் குறுக்கே 40க்குள். பலகைக் கணக்கின்படி இவை 164, 66 என்று வந்திருக்க வேண்டும். சக்தியாகப் பார்த்தால் ஒன்றுக்குச் சுமார் 30 வாட், மற்றதற்கு 6 வாட்கூட இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த 100 வாட் பல்பின் தடை 230 ஓம் பக்கம்தான், 529 அங்கே இல்லவே இல்லை.

சரி, 6 வாட்டாவது கிடைக்கிறதே, ஏன் வெளிச்சமில்லை? இழையின் தடிமனைப் பார். 40 வாட் பல்பில் இருப்பதைவிட 100 வாட் பல்பின் இழை தடிமனானது. ஜீரோ வாட் பல்பின் இழையோ கண்ணுக்கே சிரமம். மெல்லிய இழையில் 15 வாட்டைக் கொட்டினால் அது காய்ந்து மஞ்சளாகிவிடும். தடித்த இழையில் 6 வாட்டைக் கொட்டினால் அது சிவந்து நிற்கும், அவ்வளவுதான். சக்தி முழுக்கச் சூடாகப் போய்விடும், கண்ணுக்கு வராது. பிரகாசத்தைத் தீர்மானிப்பது இழையின் சூடு. வாட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பாதாளத்துக்குப் போவது அதனால்தான்.

பக்க இணைப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, 100 வாட் 100 வாட்டாகவே எரிகிறது, போ.

இப்போது உன் மனப்பாடத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு நிஜமாகவே கோபம். பல்பின் தலையில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், 230 V, 100 W என்று. நீங்கள் எல்லாரும் இரண்டாவதை மட்டும் படிக்கிறீர்கள். 100 வாட் என்பது அந்தப் பல்பின் பிறவிக் குணமா? 230 வோல்ட் கொடுத்தால் 100 வாட் எடுப்பேன் என்று அது சொல்கிறது. நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாக்கை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா?

கார் இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள். அதை உன் 230 வோல்ட், 40 வாட் பல்போடு தொடரில் சேர்த்து 230 வோல்ட் கொடுப்பதாக நினைத்துக்கொள். (நினைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன், செய்யாதே.) உன் விதிப்படி வாட் குறைந்த 21தானே பிரகாசமாக எரிய வேண்டும்? எரியாது. அந்தச் சுற்றில் ஓடுவது 0.17 ஆம்பியர். கார் பல்பு எரிய 1.75 ஆம்பியர் வேண்டும், பத்தில் ஒரு பங்குக்கு அது அசைந்துகூடக் கொடுக்காது. 40 வாட் பல்பு ஏறக்குறைய முழுசாக எரியும். அதே இரண்டையும் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் பக்க இணைப்பாகப் போடு. விதிப்படி 40 பிரகாசிக்க வேண்டும். கார் பல்பு பளீர், 40 வாட் பல்பு அணைந்தே இருக்கும். இரண்டு இடத்திலும் விதி குப்புற விழுந்துவிட்டது, பல்புகள் ஒரு தவறும் செய்யவில்லை.

ஆகவே, தொடரா, கரண்ட் ஒன்று, தடை அதிகமுள்ளது அதிகம் எடுக்கும். பக்கமா, வோல்ட் ஒன்று, தடை குறைந்தது அதிகம் எடுக்கும். தடையை அந்த இரண்டு எண்களிலிருந்து நீயே போட்டுக்கொள். இரண்டு பல்பும் ஒரே வோல்ட்டுக்கானவை என்றால் மட்டும் உன் மனப்பாடம் பொருந்தும், தேர்வில் அப்படித்தான் கேட்பார்கள், எழுதிவிட்டு வா. ஆனால் கேள்வியில் இரண்டு வேறு வோல்ட் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசி.

மாமா பத்தாவது தாண்டாதவர். அவருக்கு ஓம் விதி எல்லாம் வாயில் வராது. ஆனால் சீரிஸ் போர்டில் சின்ன ட்ரான்சிஸ்டர் செட் வந்தால் 100ஐக் கழற்றிவிட்டு 40ஐ மாட்டுவார். ஏன் என்று கேட்டால், "பெரிய பல்பு நிறைய விட்டுடும்டா, சின்னது பிடிச்சு வெச்சுக்கும்" என்பார். அந்த பெஞ்ச் மேல் நின்றபோது இதைச் சொல்லியிருக்கலாம், எனக்கு அப்போது தோன்றவில்லை.

கரண்ட் பில் கேட்டாயே, மறந்துவிட்டேன். குறையும். பக்க இணைப்பில் 140 வாட், தொடரில் மொத்தமே 36 வாட்தான். வெளிச்சம் மட்டும் ஒற்றை 40 வாட் பல்பு தருவதில் பாதி, பாதிக்குச் சற்று மேல். அதற்கு அந்த 100ஐக் கழற்றி பரணில் போட்டுவிட்டு ஒரு 25 வாட் பல்பு மாட்டிக்கொள்.