ரிவ்யூ கமென்ட் போட்டாலே முகம் சுளிக்கிறார்

கேள்வி: எங்கள் டீமில் ஒரு டெவலப்பர், நன்றாக வேலை செய்பவர். ஆனால் அவர் கோடில் எந்தக் கமென்ட் போட்டாலும் 'என்னையே குறிவைக்கிறீர்கள்' என்கிறார். போன வாரம் ஒரே புல் ரிக்வெஸ்டில் 19 கமென்ட். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது எல்லோரும் பார்க்காமலேயே அப்ரூவ் கொடுத்துவிடுகிறார்கள். டீம் லீடாக நான் என்ன செய்யட்டும்?

பதில்: அவரிடம் பேசுவதற்கு முன் அந்த 19 கமென்டையும் திறந்து வைத்துப் பிரித்துப் பாருங்கள். சரிசெய்யாமல் மெர்ஜ் செய்தால் உண்மையிலேயே உடையக்கூடியவை எத்தனை? வெறும் சந்தேகம் எத்தனை? இடைவெளி, மேற்கோள்குறி, பெயர் வைப்பது போன்ற ரசனை விஷயங்கள் எத்தனை? பெரும்பாலும் கடைசி வகைதான் அதிகம் இருக்கும். வாங்குபவர் கண்ணுக்கோ 19-ம் ஒரே கனம்.

இடைவெளியையும் மேற்கோள்குறியையும் ஃபார்மேட்டர், லின்டர் பொறுப்பில் விட்டு, சிஐ-யில் ஓட விடுங்கள். கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்வதால் யாருக்கும் வலிக்காது. மிச்சக் கமென்டுகளின் முன்னால், உடையக்கூடியதற்கு `blocking:`, சந்தேகத்துக்கு `question:`, ரசனை விஷயத்துக்கு `nit:` என்று ஒரு சொல் போடச் சொல்லுங்கள். `blocking:` மட்டுமே அப்ரூவலை நிறுத்த வேண்டும். `nit:` என்று போட்டுவிட்டு அப்ரூவலையும் பிடித்து வைத்தால், அந்தச் சொல்லை அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது வார்த்தை. இந்த வரியைப் பாருங்கள்:

```js
const total = cart.items.reduce((s, i) => s + i.price, 0);
```

'இதைக்கூட ஏன் யோசிக்கவில்லை?' என்று எழுதினால் அது ஆளைத்தான் கேட்கிறது. இப்படி எழுதலாம்: 'blocking: புது யூசருக்கு `items` `null` ஆக வருகிறது, அப்போது இங்கே TypeError வரும். `(cart.items ?? [])` போட்டால் சரியாகுமா?' எப்போது உடையும், என்ன ஆகும், என்ன வழி என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. கோபப்பட்டாலும் அந்த `null`-ஐப் பற்றித்தான் அவர் பேசியாக வேண்டும்.

இரண்டு முறை பதிலுக்குப் பதில் போய்விட்டால் மூன்றாவதை எழுதாதீர்கள். கூப்பிட்டுப் பேசி, முடிவை மட்டும் அந்த கமென்டின் கீழே ஒரு வரியில் போடுங்கள். ஒரு வாரம் உழைத்த பிறகு 'டிசைனே தப்பு' என்று கேட்டால் யாருக்கும் வலிக்கும். அந்தப் பேச்சு கோடு எழுதும் முன்பே நடக்க வேண்டும், அரை மணி நேரம் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு தனியாக உட்காருங்கள். 'எந்தக் கமென்ட் உறுத்தியது?' என்று கேட்டு, அதையே திறந்து சேர்ந்து படியுங்கள். உங்கள் கோடை அவர் ரிவ்யூ செய்யட்டும். நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பார்.

`blocking:` கமென்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். நான்கைந்து புல் ரிக்வெஸ்ட் தாண்டியும், காரணத்தோடு எழுதிய கமென்டுக்குக்கூட அவர் இப்படியே நடந்துகொண்டால், அவர் குணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். 'இந்தக் கமென்டுக்குப் பதில் வராததால் மெர்ஜ் மூன்று நாள் தள்ளிப்போனது' என்று தேதியோடு காட்டி, அடுத்த முறை ஒரு நாளுக்குள் பதில் வேண்டும் என்று நேராகவே கேளுங்கள்.