இரண்டாவதாக வந்த பாட்டு

வணக்கம் சேர்,
உளவியல் பாடத்துக்கு, பின்னணி இசை படிப்புக்கு உதவுமா என்று ஓர் அறிக்கை எழுதுகிறேன். இருபது நண்பர்களுக்கு முதலில் அமைதியில் ஒரு பந்தி வாசிக்கக் கொடுத்து, பத்துக் கேள்வி கேட்டேன். சராசரி 5.8. பிறகு அவரவருக்குப் பிடித்த பாட்டை ஓடவிட்டு இன்னொரு பந்தி கொடுத்தேன். 6.9 வந்தது. மொசார்ட்டின் இசை கேட்டவர்களுக்குச் சோதனையில் புள்ளி கூடியது என்ற ஆய்வும் இதைத்தானே சொல்கிறது? ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வந்த தொகுப்பாய்வு பாதிப்பே இல்லை என்கிறது. நான் எந்தப் பக்கம் எழுத?
மாணவி, ஹட்டன்

அன்புள்ள மகள்,

மொசார்ட்டை விட்டுவிடுங்கள். 1993இல் நடந்த அந்த ஆய்வில் மாணவர்கள் பத்து நிமிடம் இசை கேட்டு முடித்த பிறகுதான் சோதனை செய்தார்கள். பாட்டு ஓடும்போது யாரும் படிக்கவில்லை. தொகுப்பாய்வையோ அரைகுறையாக வாசித்திருக்கிறீர்கள். அதைச் செய்த கெம்ஃபேயும் கூட்டாளிகளும் கண்ட பூச்சியம், எல்லா ஆய்வுகளையும் ஒன்றாகக் கலந்தபோது வந்த சராசரி. உள்ளே பிரித்துப் பார்த்தால் இசை மனநிலைக்கும் விளையாட்டுக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறது, வாசிப்பைக் குழப்புகிறது, ஞாபகத்தையும் சிறிது குறைக்கிறது. கூடியதும் குறைந்ததும் கழிபட்டுப் போயின. நீங்கள் சோதித்தது வாசிப்பை. அந்தப் பகுதியைத்தான் எடுத்தெழுத வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது உங்கள் 6.9இல். இருபது பேரும் அமைதியில் முதலாவது, பாட்டோடு இரண்டாவது. ஒருவர்கூட மாறிச் செய்யவில்லை. இரண்டாம் முறை எழுதும்போது கேள்வி எப்படி வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பதற்றமும் அடங்கியிருக்கும். இரண்டாவது பந்தியே இலகுவாக இருந்திருக்கலாம். அந்த 1.1 புள்ளி இதில் எதனால் வந்தது? உங்கள் தரவை எத்தனை தரம் கூட்டிக் கழித்தாலும் பிரிக்க முடியாது. கணக்கில் பிழையில்லை, ஒழுங்கில் பிழை.

ஒரு கணக்கு வைத்துப் பாருங்கள். பாட்டு உண்மையில் அரைப் புள்ளி குறைக்கிறது, இரண்டாம் முறை எழுதுவது ஒரு புள்ளி கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமைதியில் தொடங்கியவருக்குப் பாட்டோடு எழுதியதில் அரைப் புள்ளி கூடியதாகத் தெரியும். உடனே “இசை உதவுகிறது” என்று எழுதிவிடுவீர்கள். பாட்டில் தொடங்கியவருக்கோ, பாட்டோடு எழுதியது அமைதியில் எழுதியதைவிட ஒன்றரை குறைவு. இரு சாராரும் சம எண்ணிக்கையில் இருந்தால் +0.5க்கும் −1.5க்கும் சராசரி −0.5. மறைந்திருந்த அரைப் புள்ளி வெளியே வந்துவிட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள 2 புள்ளியைப் பாதியாக்கினால் பழக்கத்தால் கூடிய ஒரு புள்ளியும் கிடைக்கும்.

ஆகவே 24 பேரைப் பிடியுங்கள். சீட்டுக் குலுக்கி ஆறாறு பேராக நான்கு குழு. இரண்டு குழு அமைதியில் தொடங்கட்டும், இரண்டு பாட்டில். ஒவ்வொரு சோடியிலும் ஒரு குழுவுக்கு முதலாம் பந்தி முந்தட்டும், மற்றதற்கு இரண்டாம் பந்தி. அப்போது பந்தியின் கடினமும் சமப்பட்டுவிடும். ஒவ்வொருவருக்கும் பாட்டுப் புள்ளியிலிருந்து அமைதிப் புள்ளியைக் கழித்து, அந்த 24 வித்தியாசங்களை வைத்து எழுதுங்கள்.

பிடித்த பாட்டு என்பதால் குழப்பாது என்று நினைத்தீர்கள்போலும். வேல்ஸில் பெர்ஹமும் விசார்டும் 2011இல் இதையே சோதித்தார்கள். எட்டு எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னார்கள். பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரேமாதிரிக் கெடுத்தன. மாறி மாறி இலக்கங்கள் சொல்லும் குரலும் கெடுத்தது. “மூன்று, மூன்று” என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்ன குரல் அவ்வளவு கெடுக்கவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான் வரிசையைக் கலைக்கிறது.

இதனால்தான் உங்கள் “அமைதி” எது என்று கேட்கிறேன். தோட்டத்து லய வீடுகளில் பக்கத்துக் காம்பராவின் டிவி சுவரைத் தாண்டி வரும். அது மாறும் சத்தம். தகரத்தில் சீராக விழும் மழை அப்படியல்ல. அடுத்த வீட்டு நாடகத்தைப் பாட்டு மூடிவிட்டதால் ஒரு பிள்ளைக்குப் புள்ளி கூடியிருந்தால், அது இசையின் பலன் அல்ல, நாடகம் கேட்காமல் போனதன் பலன். ஆய்வுகூடத்தில் ஒப்பிட்ட அமைதி வேறு. பாடசாலை விட்ட பிறகு ஒரே வகுப்பறையில், எல்லோருக்கும் ஒரே ஹெட்போனில், ஒரே சத்த அளவில் செய்யுங்கள். அமைதியிலும் ஹெட்போன் காதில் இருக்கட்டும். வெளியே என்ன கேட்டது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

பழைய இருபது விடைத்தாளையும் எறிய வேண்டாம். முன்னோட்டம் என்று பெயரிட்டு, ஒழுங்கு மாற்றப்படவில்லை என்பதை மறைக்காமல் சேருங்கள். அந்த இருபது பேரை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள். இரண்டு பந்தியையும் அவர்கள் ஏற்கெனவே வாசித்துவிட்டார்கள்.