அந்த ‘ஏதோ’ என்ன என்று முதலில் எழுதுங்கள்

"நான் களுவாஞ்சிக்குடியில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலை செய்கிறேன். போன மாதம் மனேஜர் எல்லாருக்கும் முன்னால் ‘உனக்கெல்லாம் யார் வேலை தந்தது?’ என்று ஏசினார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை ஏதோ சொன்னார். இது துன்புறுத்தலா, அல்லது நான்தான் பெரிதாக்குகிறேனா?"

தங்கச்சி, ‘ஏதோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். அந்த முதல் ஏச்சு கேவலமானது. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து எந்த விசாரணையும் நகராது. பிறகு நடந்த இரண்டு மூன்றும் என்ன, எந்த நாளில், எதற்குப் பிறகு என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம்.

சில வருடங்களுக்கு முன் கல்முனையில் ஒரு கடையில் கணக்கு எழுதிய பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது. ஒரு கொப்பியில் ஒன்பது கிழமைக்குள் நடந்த பதினொரு சம்பவங்களை எழுதி வைத்திருந்தது. இருவருமாக இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று சம்பவம் மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போது நடந்தவை. அன்றைக்கு முதலாளி கண்ணில் பட்ட எல்லாரையும் ஏசியிருக்கிறார். வாய் கெட்ட மனிசன், அவ்வளவுதான். அவற்றை வெட்டினோம். இன்னொன்று, பில்லில் அந்தப் பிள்ளை உண்மையாகவே விட்ட பிழைக்கு வாங்கிய பேச்சு. அதையும் வெட்டினோம்.

மிச்சம் ஏழு. அந்த ஏழும் ஒரு நாளுக்குப் பிறகே தொடங்கியிருந்தன. சம்பளத்தில் 8 சதவீதம் சேமலாப நிதிக்கு வெட்டுகிறீர்கள், என் கணக்கில் ஏன் விழவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்ட நாள் அது. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. ஏழில் மூன்றுதான் வாய்ப்பேச்சு. மற்ற நான்கும் இவை: கேட்ட லீவு காரணமில்லாமல் மறுக்கப்பட்டது, மேசை குடோன் வாசலுக்குத் தள்ளப்பட்டது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு ‘குழுவில் போட்டது தெரியாதா’ என்று கேட்டது, சனிக்கிழமை முறை அவளுக்கு மட்டும் அடுத்தடுத்து விழுந்தது. எங்கள் ஆக்கள் பேச்சை மட்டும் நினைவில் வைப்பார்கள், லீவையும் மேசையையும் மறந்துவிடுவார்கள். தொடர்ச்சி தெரிவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான்.

ஆகவே நீங்களும் திகதி, சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர், அதற்கு முதல் நாள் என்ன நடந்தது, உங்கள் வேலையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கும் அதே பேச்சு விழுகிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். பிறகு ஒருமுறை, மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்: ‘சேர், 12ஆம் திகதி கூட்டத்தில் சொன்னது மனதைப் புண்படுத்தியது, பிழை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்.’ கோபத்தில் வந்த வார்த்தை என்றால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அதற்குப் பிறகு கூடினால் அந்தச் செய்தியே உங்கள் முதல் சாட்சி.

இந்தக் கணக்கெல்லாம் பார்க்கத் தேவையில்லாத இடம் ஒன்று இருக்கிறது. உடம்பைப் பற்றியோ பாலியல் நோக்கிலோ பேசினால், தொட்டால், இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கவே வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தியபடி, அதைக் குற்றம் என்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் வேலையிடத்தில் வாயால் செய்தாலும் அதில் அடங்கும். ஐந்து வருடம் வரை சிறை விதிக்கலாம். ‘ஒரு தரம்தானே சொன்னார்’ என்று பொலிஸில் யாராவது சமாதானம் பேசினால், பிரிவு இலக்கத்தைச் சொல்லி முறைப்பாட்டைப் பதியச் சொல்லுங்கள். ‘பகிடிக்குச் சொன்னேன்’ என்பதும் பதில் ஆகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஏனென்றால், ‘தொடர்ச்சி வேணும்’ என்று யாரோ சொன்னதை நம்பி மாதக்கணக்கில் பொறுத்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற ஏச்சுகளுக்கு நம் நாட்டில் இப்படி நேரடியான பிரிவு கிடையாது. தொழில் அலுவலகத்தில் போய் ‘அவமானப்படுத்துகிறார்’ என்றால் ‘எந்தச் சட்டத்தில்?’ என்று கேட்பார்கள். வருசக்கணக்காக இதே கதைதான். அந்தக் கல்முனைப் பிள்ளையும் சேமலாப நிதி முறைப்பாட்டோடு சேர்த்துத்தான் மற்றதைச் சொல்ல முடிந்தது.

இந்த இடைவெளியில்தான் கச்சேரிப் பக்கம் திரியும் பெட்டிசக்காரர் நுழைகிறார். காசை வாங்கிக்கொண்டு ‘கொலை மிரட்டல், மனநிலை பாதிப்பு’ என்று நடக்காததையெல்லாம் சேர்த்து நாலு பக்கம் எழுதுவார், பத்து இடத்துக்குப் பிரதி போடுவார். விசாரணையில் முதல் கேள்வி ‘எந்தத் திகதி?’ என்பதுதான். உங்கள் கொப்பியில் கொலை மிரட்டல் இருக்காது. அந்த ஒரு பொய்யால் அதிலுள்ள உண்மையான சம்பவங்களும் எடுபடாமல் போய்விடும். மொட்டைப் பெட்டிசம் இன்னும் மோசம், எழுதியது யார் என்று தேடுவதிலேயே கிளை மும்முரமாகிவிடும்.

இன்னொன்று. ‘பிரச்சினை வேண்டாம், சொந்தக் காரணம் என்று எழுதி விலகிவிடுங்கள்’ என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நெருக்கித்தான் வெளியேற்றினார்கள் என்று தொழில் நியாய சபைக்குப் போக, வேலை முடிந்த நாளிலிருந்து சில மாதங்கள்தான் இருக்கின்றன. போனாலும் உங்கள் கையெழுத்தோடு அந்தத் தாள்தான் முதலில் மேசைக்கு வரும்.