கல்யாண நாளுக்குப் பரிசு வேண்டாம் என்றால்

“பரிசு வேண்டாம்னு பேசி வைத்தோம். போன வருஷம் அவர் மட்டும் சேலை வாங்கிட்டு வந்துட்டார், நான் வெறுங்கையோட நின்னேன். இந்த முறை எப்படிப் பேசுவது?”

சகோதரி, ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு வாங்கித் தருவதில்தான் சந்தோஷம் என்றால் முழுத்தடை நிற்காது, சின்ன வரம்பே நல்லது. இரண்டு வாரம் முன்பே பேசுங்கள். ஆளுக்கு 300 ரூபாய் என்றால் பூ, கேக், பஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள்ளா வெளியிலா என்பதையும் சொல்லிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். பூவையும் கேக்கையும் உள்ளே வைத்து, பஸ்ஸையும் சாப்பாட்டையும் வீட்டுச் செலவில் சேர்ப்பது என் யோசனை.

அப்புறம் வேலையைப் பிரியுங்கள். அவர் காலையிலேயே தோவாளை சந்தையில் பிச்சிப்பூ வாங்கி வரட்டும். முகூர்த்த நாளில் விலை எகிறும், அன்று ஒரு முழம் போதும். நீங்கள் அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வையுங்கள். சாயங்காலம் முட்டம் கடற்கரை, சூரியன் மறையும்வரை போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

“சரி, வேண்டாம்” என்று அவர் உடனே சொல்லி அடுத்த பேச்சுக்குப் போனால், மனசில் ஏதோ வாங்கும் எண்ணம் இருக்கலாம். அப்போதே சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.