ஆல்வார் நிலத்துக்கு டெல்லி அனுமதி தேவையா?

"ஆல்வாரில் மலையடிவாரத்தில் ஒரு மனை பார்த்திருக்கிறேன். என்.சி.ஆர். பகுதி என்கிறார் தரகர். டெல்லியில் அனுமதி வாங்கணுமா?"

வேண்டாம். ஆல்வார் ராஜஸ்தான் மாவட்டம்தான். மனைக்கு அனுமதி தருவது அந்த மாநிலத்தின் உள்ளூர் அமைப்புகள்தான். என்.சி.ஆர்., அதாவது தேசியத் தலைநகர் வட்டாரத்துக்காக, டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்கையும் இணைக்கும் திட்டமிடல் வாரியம் 1985 சட்டப்படி அமைந்தது. மத்திய அமைச்சர் தலைவர், முதல்வர்கள் உறுப்பினர்கள். நிலம் மாநில அதிகாரம் என்பதால் வாரியம் மனைக்கு ஒப்புதல் தருவதில்லை. அது வட்டாரத் திட்டம் வகுக்கும். ஒவ்வொரு மாநிலமும் அதற்கு உட்பட்டுத் தன் பகுதிக்குத் துணைத் திட்டம் போட வேண்டும். மீறினால் வாரியம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பலாம், நிதியுதவியை நிறுத்தலாம். அவ்வளவுதான் அதன் பிடி.

ஆனால் உங்கள் மனை மலையடிவாரம் என்பதுதான் எனக்குக் கவலை. 2021-ஐ இலக்காண்டாகக் கொண்ட வட்டாரத் திட்டம் ஆரவல்லி மலைத்தொடரை இயற்கைப் பாதுகாப்பு மண்டலமாக வைத்தது. அங்கே கட்டுமானம் பரப்பில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் பொழுதுபோக்கு வசதிகளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வருவாய்ப் பதிவேட்டில் 'கைர் மும்கின் பஹாட்' என்றிருந்தால் அது சாகுபடிக்கு ஆகாத மலை நிலம். அப்படியிருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், மாஸ்டர் பிளான் வரைபடத்தில் அந்த சர்வே எண்ணின் நிலப் பயன்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.