ஆத்தங்குடிக் கல்லில் சிலிண்டர் துருவளையம்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகி: எங்கள் பழைய வீட்டின் மூன்றாம் கட்டுச் சமையலறையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. சிலிண்டர் நின்ற இடத்தில் ஆரஞ்சு வளையம் விழுந்துவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என்ன செய்யலாம், அண்ணே?

பதில்: ஆச்சி, முதலில் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். சிலிண்டரை இழுத்து நகர்த்தும்போது அதன் அடிவளையத்தில் உள்ள பெயிண்ட் உரிந்துவிடுகிறது. தரை கழுவிய நீர் அந்த வளையத்துக்கு அடியில் காயாமல் நிற்க, கரைந்த இரும்பு கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே துருவாக மாறுகிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய கல். ஆகவே கறை மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. அதை மேலிருந்து சுரண்டி எடுக்க முடியாது. கரைத்து வெளியே உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு அமிலம் வேண்டாம். மளிகைக்கடை எலுமிச்சை உப்பு 10 கிராமை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, அதில் சமையல் சோடா 13 கிராமைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நன்றாகப் பொங்கும் என்பதால் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பொங்குவது அடங்கியபின் இன்னும் ஒரு சிட்டிகை சோடா போட்டும் பொங்கவில்லை என்றால் புளிப்பு முறிந்துவிட்டது என்று பொருள். இரும்பைப் பற்றிக்கொள்ளும் குணம் அந்தக் கரைசலில் இருக்கும், சிமெண்டை அரிக்கும் குணம் போய்விட்டிருக்கும். இதனுடன் மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் 100 மில்லி சேர்த்து, சீமைச்சுண்ணாம்புப் பொடியைப் போட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்துகொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. செம்மண்ணும் கூடாது, அதிலேயே இரும்பு இருக்கிறது.

கல்லில் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கம் இருந்தால் முந்திய நாளே சோப்பு நீரால் துடைத்துக் காயவிடுங்கள், ஏனென்றால் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டிக் கரைசல் இறங்காது. பிறகு வளையத்தைச் சுற்றி ஓர் அங்குலம் கூடுதலாக, அரை விரல் கனத்துக்குப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துப் பூச்சைக் காயவிட்டு, மரச்சட்டத்தால் வழித்தெடுத்து, வெறும் நீரால் கழுவுங்கள். வழித்த பூச்சின் அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தால் இரும்பு வந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்; மறுபடியும் பூசுங்கள். வெள்ளையாகவே வந்தால் அந்த முறையில் வரக்கூடியது வந்துவிட்டது. பெரும்பாலும் ஒரே பூச்சில் முடிவதில்லை. மூன்று நான்கு பூச்சுக்கு ஆயத்தமாக இருங்கள்.

புதுவயல் வாசகர்: இவ்வளவு சிரமம் எதற்கு? எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்புத் தொட்டுத் தேய்த்தால் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போயிற்று.

பதில்: உங்கள் வீட்டில் போட்டிருப்பது கடையில் வாங்கிய விட்ரிஃபைட் டைல்ஸாக இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் சொல்வது சரி: அது நீரை உறிஞ்சுவதில்லை, துரு மேலேயே நிற்கிறது, எலுமிச்சைச் சாறே போதும். பிடிவாதமான கறைக்கு 100 மில்லி வெந்நீரில் 5 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கலந்து, கையுறையோடு, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். அது நஞ்சு, சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். ஆனால் கேட்டவர் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கேட்டார். அந்தக் கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கூர்ந்து பாருங்கள், சிறு குமிழ்கள் எழும். கரைவது துரு மட்டுமன்று, கல்லும்தான்.

புதுவயல் வாசகர்: எங்கள் வீட்டில் டைல்ஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பத்தா வீட்டு ஆத்தங்குடிக் கல்லிலும் புளியைத் தேய்த்துத் துருவை எடுத்திருக்கிறோம். கொஞ்சம் மங்கியது. தேங்காய் எண்ணெய் தடவியதும் மங்கலும் மறைந்துவிட்டது.

பதில்: அந்த மங்கல்தான் நான் அஞ்சுவது. விரலால் தடவிப் பாருங்கள், சுற்றியுள்ள கல் வழவழப்பாகவும் அந்த இடம் சொரசொரப்பாகவும் இருக்கும். மேல் தோல் போன இடத்தில் அடுத்த கறை இன்னும் விரைவாக இறங்கும். எண்ணெய் நிறத்தைக் கருமையாக்கி மங்கலை மறைக்கிறது, பள்ளத்தை நிரப்புவதில்லை. இன்னொன்றும் உண்டு: அந்தக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்ஸைடு நிறமிகளே. துருவைத் தேடிப் போகும் அமிலம் பூவின் நிறத்தை விட்டுவைக்கும் என்று எப்படி நம்புவது?

கானாடுகாத்தான் வாசகர்: நான் தரை வேலை செய்பவன். நிறமி அவ்வளவு எளிதில் கரையாது, சுற்றியுள்ள சிமெண்டுதான் போகும். நிறம் வெளிறுவதாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

பதில்: நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நிறமி துருவைவிட மெதுவாகத்தான் கரையும். ஆனால் பிடித்திருக்கும் சிமெண்டு போனால் நிறமியும் உதிரத்தானே செய்யும்?

புதுவயல் வாசகர்: எண்ணெய் தடவியபின் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்காக நான்கு நாள் சமையலறையை அடைத்துவைக்க எல்லோராலும் முடியாது.

பதில்: வீடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. என்னிடம் கேட்பவருக்கு நான் புளியைச் சொல்ல மாட்டேன்.

தேவகோட்டை வாசகி: பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்தால் வெளுக்காதா?

பதில்: வெளுக்காது. பிளீச்சிங் பவுடர் துருவைக் கரைப்பதில்லை, இரும்பு மேலும் துருப்பிடிக்கவே உதவும். அதன்மேல் கழிவறை ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அடைத்த சமையலறையில் இதைச் செய்யவே கூடாது.

பள்ளத்தூர் வாசகர்: கழிவறை ஆசிட் மட்டும் தனியாக ஊற்றலாமா? உடனே போய்விடும் என்கிறார்கள்.

பதில்: கூடாது. துரு மஞ்சள் நீராகக் கரைந்து கண்முன் போனதுபோல் இருக்கும். அந்த நீரில் ஒரு பகுதி கல்லுக்குள் இறங்கி, காய்ந்தபின் முன்பைவிட அகலமான பழுப்புத் திட்டாக வெளிவரும். கல்லும் அரிக்கப்பட்டிருக்கும்.

கண்டனூர் வாசகி: என் கணவரின் வேட்டியில் துருக்கறை. அதற்கும் இந்தப் பூச்சு போடலாமா?

பதில்: இங்கே பேசுவது தரையைப் பற்றி. துணிக்குச் சலவைக்காரரைக் கேளுங்கள்.

கொத்தமங்கலம் வாசகர்: குடம் வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் மூன்று கால் தடமும் பல ஆண்டுகளாக முகப்பு மார்பிளில் இருக்கிறது. உங்கள் பூச்சை ஐந்து முறை போட்டும் நடுப்புள்ளி போகவில்லை. மெஷின் வைத்து பாலீஷ் செய்துவிடவா?

பதில்: மார்பிளுக்கும் அமிலம் ஆகாது, நீங்கள் பூச்சைத் தேர்ந்தது சரி. ஐந்தாவது பூச்சின் அடி வெள்ளையாக வந்ததா, மஞ்சளாக வந்ததா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் தொடருங்கள். வெள்ளை என்றால், சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் பொருளைச் சேர்த்தால் பழைய துருவும் இளகும். ஆனால் அது நெடியான கந்தக வாயுவை வெளியிடும், ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகவே அறிந்தவர் ஒருவர் திறந்த வெளிக்காற்றில் செய்ய வேண்டும். அப்போதும் கால் ஊன்றிய நடுப்புள்ளி முழுதும் போகும் என்று நான் உறுதி கூற மாட்டேன். மார்பிளை பாலீஷ் செய்யலாம். கறை எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. ஆத்தங்குடிக் கல்லில் அதைச் செய்யாதீர்கள், வண்ணப் படலம் மெல்லியது, பூ அழிந்துவிடும்.

நெற்குப்பை வாசகி: பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சமாகப் போட்டால்?

பதில்: தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

காரைக்குடி வாசகி: முதல் பூச்சின் அடி மஞ்சளாக வந்திருக்கிறது, அண்ணே. சிலிண்டரை மறுபடி எங்கே வைப்பது? பிளாஸ்டிக் தட்டு வாங்கலாமா?

பதில்: விளிம்புள்ள தட்டு நீரைத் தேக்கி வைக்கும், வேண்டாம். அடிவளையத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது, சிலிண்டர் நிறுவனத்துடையது. தரையிலிருந்து ஓரங்குலம் உயர, அடியில் காற்றுப் புகும்படி குறுக்குச்சட்டம் வைத்த மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் நேராக நிறுத்துங்கள். சக்கர ஸ்டாண்ட் வாங்கினால் அதன் திருகாணிகளையும் பாருங்கள், அவையும் துருப்பிடித்துச் சொட்டும். தரை கழுவும் நாளில் பலகையை எடுத்து, அடியைத் துணியால் துடைத்த பிறகே திரும்ப வையுங்கள்.